மரத்தின் உயரம் தரையில் இருக்கிறது

போர்னியோ தீவின் வடக்கே, மலேசியாவின் சபா மாநிலத்தில் டானும் பள்ளத்தாக்கு என்ற பழங்காடு இருக்கிறது. 2019 ஜனவரியில் உண்டிங் ஜாமி என்பவர் அங்கே ஒரு மஞ்சள் மெராந்தி மரத்தின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து அளவு நாடாவைக் கீழே இறக்கினார். நாடா 100.8 மீட்டர் காட்டியது. அதுவரை அளக்கப்பட்ட வெப்பமண்டல மரங்களில் வேறு எதுவும் நூறு மீட்டரைத் தொட்டதில்லை. கோபுரம் என்று பொருள்படும் ‘மெனாரா’ என்ற மலாய்ப் பெயர் அந்த மரத்துக்கு வந்தது.

அதே மரத்துக்கு ஆய்வுக் கட்டுரையில் இன்னொரு உயரமும் உண்டு: 98.53 மீட்டர். யாரும் தப்பாக அளக்கவில்லை. 100.8 என்பது பலகைவேரின் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து உச்சி வரை அளந்தது. 98.53 என்பது அடிமரத்தைச் சுற்றியுள்ள தரையின் சராசரி மட்டத்திலிருந்து அளந்தது. உச்சி ஒன்றுதான். தரை எது என்பதில்தான் இரண்டே கால் மீட்டர் வேறுபடுகிறது.

நாடாவோடு மேலே ஏறிய மனிதருக்கே இந்தச் சிக்கல் என்றால், விமானத்திலிருந்து அளப்பவர்களின் நிலை எப்படி இருக்கும்? மெனாராவை முதலில் கண்டுபிடித்தவர்கள் காட்டுக்குள் அலைந்து கண்டுபிடிக்கவில்லை. விமானத்திலிருந்து லேசர் ஒளி பாய்ச்சி எடுத்த லைடார் தரவை 2018இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தபோது அது தென்பட்டது. அதற்கு முன் 2016இல் இதே முறையில், இதே மாநிலத்தில், முதலில் 89.5 மீட்டர் மரம் ஒன்றும் சில மாதங்கள் கழித்து 94.1 மீட்டர் மரம் ஒன்றும் பிடிபட்டிருந்தன.

முறையைச் சொல்லக் கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். காட்டின் மேற்பரப்புக்கு ஒரு வரைபடம், காட்டுக்கு அடியில் உள்ள நிலத்துக்கு ஒரு வரைபடம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஒவ்வொரு இடத்திலும் மரம் எவ்வளவு உயரம் என்று வந்துவிடும். கழித்தல் இரண்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் கழிக்கப்படும் அந்த இரண்டாவது வரைபடத்தை வரைவதுதான் பாடு. மழைக்காட்டில் விமானத்திலிருந்து எளிதில் பார்க்க முடியாத ஒரே பொருள் தரை.

லைடார் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். விமானத்தில் இருக்கும் கருவி ஒரு நொடிக்கு லட்சக்கணக்கான லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் எதிலாவது பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிடுகிறது. ஒளி ஒரு நானோ நொடியில், அதாவது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், சுமார் 30 சென்டிமீட்டர் போகும். போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் ஒரு நானோ நொடி என்பது 15 சென்டிமீட்டர் தூரத்துக்குச் சமம். மெனாராவுக்கு நேர் மேலே பறந்தால், உச்சி இலையில் பட்ட ஒளி, தரையில் பட்ட ஒளியைவிட சுமார் 670 நானோ நொடி முந்தித் திரும்பிவிடும். விமானம் அந்தக் கணத்தில் எங்கே இருந்தது என்பதை செயற்கைக்கோள் நிலைகாட்டியும், எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதை இன்னொரு உணர்கருவியும் பதிவு செய்கின்றன. மூன்றையும் சேர்த்தால், ஒளி எந்த இடத்தில் பட்டதோ அந்த இடத்தின் நெடுக்கை, கிடக்கை, உயரம் கிடைக்கும். அது ஒரு புள்ளி. இப்படிக் கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்தது புள்ளித்திரள்.

லேசர் கற்றை மரத்தை எட்டும்போது ஒரு மெல்லிய கோடாக இருப்பதில்லை. அதற்குள் ஓர் அடி அகலம் வரைகூட விரிந்திருக்கலாம். அதனால் ஒரே துடிப்பின் ஒரு பகுதி உச்சிக் கிளையில் பட்டுத் திரும்பும். மிச்சம் இலை இடுக்குகளின் வழியாக இறங்கி அடுத்த கிளையில் பட்டுத் திரும்பும். இன்னும் மிச்சம் இருந்தால் தரையைத் தொடும். ஒரே துடிப்புக்கு மூன்று, நான்கு எதிரொளிப்புகள் வரலாம். சாதாரண வான்படத்தை வைத்துக் காட்டின் மேற்பரப்பை ஓரளவு நன்றாகவே வரைந்துவிடலாம். டிரோன் படங்களிலிருந்து பலர் செய்கிறார்கள். ஆனால் அடர்ந்த காட்டில் கேமராவுக்கு இலைக்குக் கீழே எதுவும் தெரியாது. லேசருக்குக் கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் இந்த முழு வேலையும் நடக்கிறது.

மேற்பரப்பு மாதிரியைச் செய்வதில் பெரிய சிரமம் இல்லை. நிலப்பரப்பை ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் விழுந்த புள்ளிகளில் மிக உயரமானதை எடுத்துக்கொண்டால் போதும். மரம் இருந்தால் மரத்தின் மேல், வீடு இருந்தால் கூரையின் மேல், இரண்டும் இல்லாவிட்டால் வெறும் மண்.

நிலமட்ட மாதிரிக்கு இதைத் தலைகீழாகச் செய்து, ஒவ்வொரு கட்டத்திலும் மிகத் தாழ்ந்த புள்ளியை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். திறந்த தோப்பில் அது ஓரளவு சரிப்படும். டானும் போன்ற காட்டில் சரிப்படாது. அங்கே அனுப்பிய துடிப்புகளில் மிகச் சிறு பங்குதான் தரையைத் தொட்டுத் திரும்புகிறது. அடர்ந்த இடங்களில் பத்து, பதினைந்து மீட்டர் தூரத்துக்கு ஒரு தரைப்புள்ளிகூட விழாமல் போகலாம். அப்படிப்பட்ட கட்டத்தில் மிகத் தாழ்ந்த புள்ளி என்பது தரைக்கு ஐந்து மீட்டர் மேலே நிற்கும் ஒரு பனைமட்டையாக இருக்கலாம். எனவே, எது தரை, எது தாழ்ந்த செடி என்று புள்ளிகளை முதலில் பிரித்தாக வேண்டும்.

பரவலாகக் கையாளப்படும் வழிகளில் ஒன்றை ஸ்வீடனைச் சேர்ந்த பீட்டர் ஆக்செல்சன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். முதலில் நிலத்தைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிகத் தாழ்ந்த ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்கிறார்கள். கட்டம் பெரிதாக இருப்பதால் அதற்குள் ஏதாவது ஓர் இடைவெளியில் ஒரு துடிப்பாவது மண்ணைத் தொட்டிருக்கும் என்பது நம்பிக்கை. இந்தப் புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்தால் ஒரு முரட்டுத் தரை கிடைக்கும். அடுத்து, மீதமுள்ள புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இந்தத் தரையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, முக்கோணத்தின் முனைகளோடு எவ்வளவு கோணம் வைக்கிறது என்று பார்க்கிறார்கள். வரம்புக்குள் இருந்தால் அதுவும் தரை. புதிதாகச் சேர்ந்த புள்ளிகளோடு முக்கோணங்களை மறுபடி இணைத்து, மறுபடி சோதித்து, சேர்க்க எதுவும் இல்லாத வரை இது நடக்கும்.

2016இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட வழி வேறு மாதிரியானது. புள்ளித்திரள் முழுவதையும் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, அதன்மேல் ஒரு துணியைப் போர்த்துவதாகக் கணினியில் பாவனை செய்கிறார்கள். கவிழ்ந்துவிட்டதால் தரை இப்போது மேலே இருக்கிறது, மரங்கள் கீழே தொங்குகின்றன. துணி தரையின்மேல் படியும். மரங்கள் இருக்கும் பள்ளங்களுக்குள் இறங்காமல் மேலேயே இழுத்துப் பிடித்து நிற்கும். துணியைத் தொட்டும் ஒட்டியும் இருப்பவை தரைப்புள்ளிகள். துணி எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதைப் பயனர்தான் சொல்ல வேண்டும். சமவெளிக்கு விறைப்பான துணி, செங்குத்து மலைக்குத் தொளதொளத்த துணி.

இரண்டு வழியிலும் அந்த வரம்பு எண்களை ஒரு மனிதர் தேர்ந்தெடுக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். வரம்பைத் தளர்த்தினால் புதர்கள் தரையாகிவிடும். தரை மேலே எழும்பும், மரம் குட்டையாகும். வரம்பை இறுக்கினால் பாறை முகடுகளும் கூர்மையான மலைவிளிம்புகளும் தரை அல்ல என்று தள்ளப்படும். அங்கே தரை கீழே இறங்கும், வெறும் பாறை மரமாகிவிடும். காட்டின் ஒரு மூலைக்குப் பொருந்தும் எண் இன்னொரு மூலைக்குப் பொருந்தாது. இது விற்பன்னர்களும் கைப்பழக்கத்தால் சமாளிக்கிற இடம். கருவியின் விலை கூடினால் தீர்ந்துவிடும் சங்கதி அல்ல.

தரைப்புள்ளிகள் தேறியபின், அவற்றுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைக் கணினி நிரப்பும். பெரும்பாலும் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே நேராக ஒரு தளத்தை இழுத்துவிடும். படத்தில் பார்க்கும்போது அளந்த தரையும் ஊகித்த தரையும் ஒரே மாதிரி வழவழப்பாகத் தெரியும் என்பதுதான் இதில் ஆபத்து. அடர்ந்த மரங்களுக்குக் கீழே ஒரு சிற்றோடை மூன்று மீட்டர் ஆழத்துக்கு மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது என்று வையுங்கள். ஓடைக்குள் எந்தத் துடிப்பும் இறங்கவில்லை, இரு கரைகளில் மட்டும் புள்ளிகள் விழுந்தன என்றால், மாதிரி ஓடைக்கு மேலே பாலம் போட்டுவிடும். ஓடைக்குள் வேர்விட்ட மரம் தன் உயரத்தில் மூன்று மீட்டரை இழக்கும். காற்றுக்கு மறைவான, ஈரமான பள்ளங்களில்தான் நெடுமரங்கள் பல வளர்கின்றன என்பதால் இது அரிய தவறு அல்ல.

இனி கழித்தல். GDAL என்ற இலவச மென்பொருளில் இது ஒரே வரி:

```
gdal_calc.py -A dsm.tif -B dtm.tif --calc="A-B" --NoDataValue=-9999 --outfile=chm.tif
```

`dsm.tif` மேற்பரப்பு மாதிரி, `dtm.tif` நிலமட்ட மாதிரி, `chm.tif` வெளிவரும் மர விதான உயரம். QGIS வைத்திருப்பவர்கள் ராஸ்டர் கால்குலேட்டரில் இதையே செய்துகொள்ளலாம். ஒரு சங்கதியை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இந்தக் கட்டளை இரு கோப்புகளிலும் கட்டங்களின் எண்ணிக்கை சமமா என்று பார்க்கும்; இரண்டும் நிலத்தில் ஒரே மூலையிலிருந்து தொடங்குகின்றனவா என்று தானாகப் பார்க்காது. ஒன்று ஒரு மீட்டர் கிழக்கே நகர்ந்திருந்தாலும் முனகாமல் கழித்துக் கொடுத்துவிடும். சமவெளியில் அது பெரிதாகத் தெரியாது. 30 பாகை சரிவில், ஒரு மீட்டர் நகர்வு 58 சென்டிமீட்டர் உயரப் பிழையாக மாறும். அதுவும் கிழக்கு நோக்கிய சரிவில் ஒரு திசையிலும் மேற்கு நோக்கிய சரிவில் எதிர்த்திசையிலும். மலையின் ஒரு பக்கத்து மரங்கள் எல்லாம் வளர்த்தியாகவும் மறுபக்கத்து மரங்கள் குட்டையாகவும் தெரிந்தால், சூரிய வெளிச்சத்தைப் பற்றிய ஆய்வுக்குப் போவதற்கு முன் கோப்பின் மூலையைச் சரிபார்ப்பது நல்லது.

உயரம் எதிலிருந்து கணக்கிடப்பட்டது என்பதும் இரு கோப்புகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். செயற்கைக்கோள் நிலைகாட்டி நேரடியாகத் தரும் உயரம், பூமிக்குப் பதிலாகக் கணிதத்தில் வரைந்த ஒரு நீள்கோளத்திலிருந்து அளந்தது. வரைபடங்களில் நாம் பார்ப்பது கடல்மட்டத்திலிருந்து அளந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உலகிலேயே மிகப் பெரிதாக இருக்கும் வட்டாரம் நம்முடையதுதான். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கடல்மட்டம் அந்த நீள்கோளத்துக்கு 100 மீட்டருக்கும் கீழே தாழ்ந்திருக்கிறது. சென்னைக் கடற்கரையில் நின்றாலும் நீள்கோள உயரம் மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே காட்டும். ஆகவே தமிழ்நாட்டில் ஒருவர் டிரோன் லைடாரின் நீள்கோள உயரத்திலிருந்து கடல்மட்ட அளவிலான நிலமட்ட மாதிரியைக் கழித்தால், அவருடைய தென்னந்தோப்பு பூமிக்கு அடியில் எழுபது மீட்டர் ஆழத்தில் இருக்கும். இந்தத் தவறு முகத்தில் அறைவதால் தீங்கில்லை. பழைய, புதிய கடல்மட்டக் கணிப்புகளுக்கு இடையே உள்ள ஒன்றிரண்டு மீட்டர் வேறுபாடுதான் யார் கண்ணிலும் படாமல் நுழையும்.

கோப்புகள் இரண்டும் பொருந்தி, தரையும் துல்லியமாகவே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சரிவில் நிற்கும் மரத்தில் ஒரு கோளாறு மிச்சம் இருக்கிறது. அது தரவின் பிழை அல்ல, கழித்தல் என்ற முறையிலேயே இருப்பது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

25 பாகை சரிவில் ஒரு மரம் நிற்கிறது. அடிமரம் இருக்கும் இடத்தில் தரை கடல்மட்டத்துக்கு மேல் 240 மீட்டர். மரத்தின் உச்சி நேர் மேலே 300 மீட்டரில். ஆக மரத்தின் உயரம் 60 மீட்டர். மெராந்தி போன்ற மரங்களின் தலை குடைபோல் விரிந்தது. உச்சியிலிருந்து பத்து மீட்டர் தள்ளியும் கிளை நுனிகள் அதிகம் இறங்காமல் 298 மீட்டர் மட்டத்திலேயே இருக்கின்றன. இப்போது கழித்துப் பார்ப்போம். அடிமரத்துக்கு நேர் மேலே 300லிருந்து 240 போனால் 60. சரியான விடை. சரிவின் கீழ்ப்பக்கம் பத்து மீட்டர் தள்ளிப் போனால் தரை 4.7 மீட்டர் இறங்கி 235.3 ஆகிவிட்டது. கிளை நுனி 298. கழித்தால் 62.7. மேட்டுப் பக்கம் பத்து மீட்டர் போனால் தரை 244.7; கழித்தால் 53.3.

அதாவது சமச்சீராக விரிந்த ஒரு குடை, விதான உயரப் படத்தில் ஒரு பக்கம் தூக்கியும் மறுபக்கம் தாழ்ந்தும் தெரிகிறது. அது மட்டுமில்லை. படத்தில் மிக உயரமான கட்டத்தை மரத்தின் உச்சி என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். இங்கே அப்படி எடுத்தால், உச்சி என்று காட்டப்படுவது உண்மையான உச்சி அல்ல, பத்து மீட்டர் தள்ளி சரிவின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிளை. உயரம் 2.7 மீட்டர் கூடிவிட்டது. மரம் இருக்கும் இடமும் பத்து மீட்டர் தவறிவிட்டது. ஊசியிலை மரங்களின் தலை கூம்பாக இருப்பதால் இந்தக் கோளாறு அவற்றில் குறைவு. செங்குத்தான மலையில், அகன்ற தலையுள்ள மரங்களில்தான் இது மிகுதி.

இதற்குத் தீர்வு, உச்சியைத் தேடும்போது விதான உயரப் படத்தைப் பார்க்காமல் மேற்பரப்பு மாதிரியிலேயே தேடுவது. பிறகு அடிமரம் எங்கே இருக்கிறது என்று புள்ளித்திரளில் கண்டுபிடித்து அந்த இடத்துத் தரையைக் கழிப்பது. ஒரு மரத்துக்கு இதைச் செய்யலாம். ஒரு மாநிலம் முழுவதற்கும் செய்ய முடியாது. ஆகவே மலைக்காட்டின் விதான உயரப் படத்தில் இந்தச் சாய்வு இருக்கும் என்று தெரிந்துகொண்டே பயன்படுத்துகிறார்கள்.

மெனாராவைப் போன்ற மரங்களைத் தேடும்போது இன்னொரு வேடிக்கை நடக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் காட்டில் ஒரு மீட்டர் கட்டங்கள் பத்து லட்சம். ஆயிரம் சதுர கிலோமீட்டரில் நூறு கோடி. அவற்றில் மிகப் பெரிய எண்ணைக் காட்டு என்று கணினியிடம் கேட்டால், அது முதலில் கொண்டுவந்து நிறுத்துவது மிக உயரமான மரத்தை அல்ல, மிகப் பெரிய பிழையை. நூறு கோடியில் ஒரு கட்டத்தில் தவறு நேர்ந்திருந்தாலும், தவறு மேல்நோக்கியதாக இருந்தால், அது பட்டியலின் தலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சராசரி உயரம் கேட்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. பிழைகள் கூட்டத்தில் கரைந்துபோகும். உச்சத்தைத் தேடுபவர்தான் பிழைகளை வரிசையாகச் சந்திக்க வேண்டும்.

வரிசையில் யார் யார் நிற்பார்கள்? விமானத்துக்குக் கீழே பறந்த பறவை: அது முந்நூறு மீட்டர் ‘மரமாக’ ஒற்றைக் கட்டத்தில் தெரியும். மேகக் கிழிசல், மின்கோபுரம், தொலைபேசிக் கோபுரம் ஆகியவற்றை வடிவத்தைப் பார்த்தே ஒதுக்கிவிடலாம். தந்திரக்காரர்கள் தரைப்பக்கத்தில் இருக்கிறார்கள். லேசர் ஒளி சில வேளை ஒரு கிளையில் பட்டு இன்னொன்றில் தெறித்துச் சுற்றிவளைத்துத் திரும்பும். நேரம் கூடியதால் கருவி அதைத் தரைக்கும் கீழே உள்ள புள்ளியாகப் பதிவு செய்யும். தரையைத் தேடும் நிரல் தாழ்ந்த புள்ளிகளை விரும்பி எடுக்கிறதே, இதையும் எடுத்துவிடும். அந்த இடத்தில் நிலமட்ட மாதிரியில் கூம்பு வடிவத்தில் ஒரு பொய்க்குழி விழும். குழிக்கு மேலே நிற்கும் சாதாரண எழுபது மீட்டர் மரம் திடீரென்று எண்பத்தைந்து மீட்டர் ஆகிவிடும். மரத்தின் தலை இயல்பாக இருக்கும், பக்கத்து மரங்களோடு ஒத்தும் இருக்கும். விதான உயரப் படத்தை மட்டும் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

சந்தேகத்தை வரவழைக்க, நிலமட்ட மாதிரியைத் தனியாக எடுத்து, ஒரு பக்கத்திலிருந்து வெயில் அடிப்பதுபோல் நிழலிட்டுப் பார்க்க வேண்டும். எந்த மென்பொருளிலும் அந்த வசதி இருக்கும். இயற்கையான நிலம் ஓடைகளும் முகடுகளுமாக ஒரு தொடர்ச்சியோடு தெரியும். பொய்க்குழிகள் அம்மைத் தழும்புபோல் தனித்தனியாகத் தெரியும். புதரைத் தரையென்று எடுத்த இடம் காரணமில்லாத திட்டுகளாகப் புடைத்திருக்கும். தரைப்புள்ளிகளே இல்லாமல் ஊகித்த இடம் பட்டை தீட்டியதுபோல் பெரிய தட்டை முக்கோணங்களாகக் கிடக்கும். கூடவே, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை தரைப்புள்ளிகள் விழுந்தன என்று எண்ணி ஒரு படம் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், எந்தத் தரையை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். என்னைக் கேட்டால், விதான உயரப் படத்தை வெளியிடுகிறவர்கள் இந்த எண்ணிக்கைப் படத்தையும் சேர்த்தே வெளியிட வேண்டும். பலர் செய்வதில்லை.

இன்னொரு சோதனை இதைவிட எளிது. மரமே இல்லாத இடங்களைத் தேடிப்பிடிக்க வேண்டும்: தார்ச்சாலை, விளையாட்டு மைதானம், ஆற்று மணல்திட்டு. அங்கே விதான உயரம் பூஜ்யத்தை ஒட்டி, பத்திருபது சென்டிமீட்டர் கூடக் குறைய இருக்க வேண்டும். சாலை எங்கும் 1.4 மீட்டர் என்று காட்டினால், இரு மாதிரிகளின் உயர அடிப்படை வேறு. சாலையின் ஒரு விளிம்பு கூடியும் மறு விளிம்பு குறைந்தும் இருந்தால், படங்கள் பக்கவாட்டில் நகர்ந்திருக்கின்றன. மைனஸ் எண்கள் கூட்டமாக எங்காவது வந்தாலும் அப்படியே பூஜ்யமாக்கிவிடும் பழக்கம் உண்டு. மாற்றுவதற்கு முன் அவை எங்கே கூடியிருக்கின்றன என்று ஒருமுறை பார்க்க வேண்டும். மேற்பரப்பு தரைக்குக் கீழே இருக்க முடியாது. அப்படி இருந்தால் அந்த இடத்துத் தரையைப் பற்றி அது ஏதோ சொல்கிறது.

இந்தச் சோதனைகளையெல்லாம் தாண்டிவந்தாலும், உலகச் சாதனை என்று அறிவிப்பதற்கு லேசர் எண் போதாது. மெனாராவை நடந்துபோய்ப் பார்த்து, தரையிலிருந்து லேசர் கருவியால் முப்பரிமாணத்தில் அளந்து, டிரோனால் படமெடுத்து, கடைசியில் ஒருவர் நாடாவோடு ஏறியது அதனால்தான். அந்த முப்பரிமாண அளவீட்டிலிருந்து வேர் நீங்கலாக மரத்தின் எடை சுமார் 81,500 கிலோ என்றும், அதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் தலைப்பகுதி என்றும் கணக்கிட்டார்கள். விமானத்திலிருந்து பார்க்கும்போது தெரிவது அந்த இருபதில் ஒரு பங்கு மட்டுமே.

மேற்பரப்புப் பக்கத்துப் பிழைகளைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. அவை இருக்கின்றன, ஆனால் குணம் தெரிந்தவை. ஒரு சதுர மீட்டருக்கு நான்கு துடிப்பு என்றால், மிக உயரமான அந்தத் தளிரின்மேல் ஒன்று சரியாக விழுவது அரிது. விழுந்தாலும் ஒற்றைத் தளிரிலிருந்து திரும்பும் ஒளி மிக மெல்லியது, கருவி அதைக் கவனிப்பதற்குள் கற்றை இன்னும் சிறிது உள்ளே போயிருக்கும். ஆகவே லைடார் உச்சியைக் கொஞ்சம் குறைத்தே காட்டும். அகன்ற தலையில் குறைவு சிறிது. கூம்புத் தலையில் ஒரு மீட்டரைத் தாண்டலாம். இன்னொன்று, தலைக்கு நடுவே சில கட்டங்களில் உச்சி இலைகளைத் தவறவிட்ட துடிப்புகள் மட்டும் விழுந்திருக்கும். படத்தில் மரத்தலையில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அவற்றை நிரப்பத் தேர்ந்த முறைகள் வந்துவிட்டன. இந்தப் பிழைகள் எல்லாம் ஒரே திசையில், ஓரளவு ஒரே அளவில் நடப்பதால் திருத்திக்கொள்ள முடிகிறது. தரைப் பிழைக்கு அந்த ஒழுங்கு கிடையாது. ஓர் இடத்தில் கூட்டும், ஐம்பது மீட்டர் தள்ளிக் குறைக்கும்.

இப்போது பல நாடுகளில் ஒரே காட்டின்மேல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை பறந்து, மரங்கள் எவ்வளவு வளர்ந்தன, எத்தனை விழுந்தன என்று பார்க்கிறார்கள். பத்தாண்டுக்கு முந்தைய விதான உயரத்தைப் புதியதிலிருந்து கழிக்கிறார்கள்; கழித்தலின்மேல் ஒரு கழித்தல். பழைய பறப்பில் துடிப்புகள் குறைவு, புதியதில் அதிகம். துடிப்பு கூடினால் தரையைத் தொடும் புள்ளிகளும் கூடும். முன்பு புதரின்மேல் நின்ற தரை இப்போது மண்ணுக்கு இறங்கும். மரம் ஓரங்குலமும் வளராமலே ஒரு மீட்டர் ‘வளர்ந்துவிடும்’. காடு எவ்வளவு கரியைச் சேமித்தது என்று இந்த எண்ணை வைத்துக் கணக்கெழுதுபவருக்கு அந்த ஒரு மீட்டர் சும்மா கிடைத்த வரவு. இதைத் தவிர்க்க, இரண்டு ஆண்டு மேற்பரப்பு மாதிரிகளுக்கும் ஒரே நிலமட்ட மாதிரியைக் கழிப்பதே வழி. இரண்டில் அதிகத் தரைப்புள்ளிகள் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது தரை என்ற எண் இரண்டு பக்கமும் அடிபட்டுப்போய், மிஞ்சுவது புதிய மேற்பரப்புக்கும் பழைய மேற்பரப்புக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. நிலச்சரிவில் மலையே இறங்கிய இடங்களை மட்டும் தனியாகக் குறித்து ஒதுக்கிவிட வேண்டும்; அங்கே மாறியது தரைதான்.